ஒரே வினை, மூன்று புத்தகங்கள்

பி.எஸ்சி. வேதியியல் பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் நூல் பட்டியல் ஒன்று இருக்கும். கரிம வேதியியலுக்கு அதில் மாரிசன்–பாய்டு, ஃபினார், பாஹல் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். எதை வாங்குவது, எதை நூலகத்தில் புரட்டினால் போதும், எதை மூன்றாம் ஆண்டு வரை தொடவே வேண்டாம் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. சீனியர்களைக் கேட்டால் ஒருவர் "க்ளேடன் வாங்கு, அதுதான் பெஸ்ட்" என்பார். இன்னொருவர் சாலமன்ஸ் என்பார். ஆயிரம் பக்கத்துக்கு மேல் கனக்கும் புத்தகம் ஒன்று வீட்டுக்கு வரும். இரண்டு அத்தியாயம் படிக்கப்படும். செமஸ்டர் நெருங்கும்போது ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் நோட்ஸ் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

புத்தகத்தில் குறை இல்லை, மாணவரிடமும் இல்லை. இந்த மாணவருக்கு இந்தப் புத்தகம் பொருந்துமா என்று யாரும் பார்க்கவில்லை என்பதுதான் சிக்கல். அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, ஒரு மதியப் பொழுது போதும். ஒரே ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் கிடைக்கும் எல்லாப் புத்தகத்திலும் அந்த வினை வரும் பக்கத்தைத் திறந்து படியுங்கள். பிறகு அதையொட்டிய பயிற்சிக் கேள்வி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கடைசியாக அந்தக் கேள்விக்கு விடைநூல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். விளக்கம், பயிற்சி, விடைநூல் மூன்றையும் சேர்த்துத்தான் ஒரு பாடநூலை எடைபோட வேண்டும். நம் மாணவர்கள் முதலாவதை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

எந்த வினையை எடுப்பது? நான் பரிந்துரைப்பது ஆல்கீனோடு ஹைட்ரஜன் குளோரைடு சேரும் வினை. எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், பிளஸ் ஒன்னிலேயே அறிமுகமாகியிருக்கும், ஆனால் உள்ளே ஒரு திருப்பம் ஒளிந்திருக்கும்.

ஆல்கீனில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அங்கே எலக்ட்ரான் அடர்த்தி அதிகம். HCl அருகில் வந்தால் அந்த எலக்ட்ரான்கள் முதலில் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் ஒரு கார்பனில் ஒட்டிவிட, மற்ற கார்பன் எலக்ட்ரான் பற்றாக்குறையோடு நேர்மின் சுமையைத் தாங்கி நிற்கும். இதைத்தான் கார்பன் நேரயனி என்கிறோம். பிறகு குளோரைடு வந்து அந்த நேரயனியில் சேரும். ஹைட்ரஜன் எந்தக் கார்பனுக்குப் போகும் என்ற கேள்விக்கு ரஷ்ய வேதியியலாளர் மார்கோனிகாஃப் 1869-இல் ஒரு விதி சொன்னார்: ஏற்கெனவே ஹைட்ரஜன் அதிகமாக உள்ள கார்பனுக்கே அது போகும். காரணம் பின்னால் விளங்கியது. நேரயனியைச் சுற்றி எத்தனைக்கு எத்தனை கார்பன் தொகுதிகள் இருக்கின்றனவோ அத்தனைக்கு அது நிலைப்புத்தன்மை பெறும். ஆகவே மூவிணைய நேரயனி ஈரிணையத்தைவிட எளிதில் உருவாகும்.

இப்போது 3-மெத்தில்-1-பியூட்டீனை எடுங்கள். அதன் அமைப்பு CH₂=CH–CH(CH₃)₂. விதியை மனப்பாடம் செய்தவர் ஹைட்ரஜனை முனையிலுள்ள CH₂-இல் வைப்பார், குளோரினை அடுத்த கார்பனில் வைப்பார், 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேன் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுவார். அந்தப் பொருள் உண்மையிலேயே உருவாகிறது. ஆனால் குடுவைக்குள் அதோடு ஏறக்குறைய அதே அளவுக்கு இன்னொன்றும் இருக்கும். அது 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேன். குளோரின் சேர்ந்திருக்கும் கார்பன், தொடக்கத்தில் இரட்டைப் பிணைப்பில் இல்லவே இல்லாத கார்பன்.

நடந்தது இதுதான். முதல் படியில் CH₃–CH⁺–CH(CH₃)₂ என்ற ஈரிணைய நேரயனி உருவாகிறது. பக்கத்துக் கார்பனில் இரண்டு மெத்தில்களும் ஒரு ஹைட்ரஜனும் இருக்கின்றன. அந்த ஹைட்ரஜன், தன்னைப் பிணைத்திருக்கும் எலக்ட்ரான் இணையோடு சேர்ந்து, நேர்மின் சுமையுள்ள கார்பனுக்குத் தாவிவிடுகிறது. இதற்கு ஹைட்ரைடு இடப்பெயர்வு என்று பெயர். இப்போது நேர்மின் சுமை CH₃–CH₂–C⁺(CH₃)₂ என்று மூவிணையக் கார்பனுக்கு வந்துவிட்டது. தாவுவதற்கு முன்பே குளோரைடு பிடித்துக்கொண்ட நேரயனிகள் முதல் பொருளைத் தருகின்றன. தாவிய பிறகு பிடிபட்டவை இரண்டாவதைத் தருகின்றன.

இந்த ஒரு விஷயத்தைப் புத்தகங்கள் எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தாலே அவற்றின் குணம் தெரிந்துவிடும்.

மாரிசன்–பாய்டு முதல் பதிப்பு 1959-இல் வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய இரண்டு ஆசிரியர்கள் எழுதியது. அதுவரை கரிம வேதியியல் நூல் என்றால் தயாரிக்கும் முறை, பண்புகள், பயன்கள் என்று சேர்மம் சேர்மமாக அடுக்குவதே பெருவழக்கு. மாரிசன்–பாய்டு மீத்தேனிலேயே நின்று, அது குளோரினோடு வினைபுரிவதைக் கொண்டு வினைவழிமுறை, கிளர்வு ஆற்றல், இடைநிலை வரை மெதுவாகக் கூட்டிச் செல்கிறது. ஒரு கருத்தைச் சொன்னதும் "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, அதற்கான ஆய்வுச் சான்றுகளை வரிசையாக எடுத்து வைப்பது அதன் பாணி. மேலே பார்த்த இடமாற்றத்தை அது ஒரு விதிவிலக்காக ஓரத்தில் தள்ளாது. ஆல்கீன் சேர்க்கை நேரயனி வழியாகத்தான் நடக்கிறது என்பதற்கு இடமாற்றமே ஒரு சாட்சி என்று வாதத்துக்குள்ளேயே அதைக் கொண்டுவருகிறது. நேரயனி என்று ஒன்று நடுவில் இல்லாவிட்டால் குளோரின் ஏன் அந்தத் தள்ளியிருக்கும் கார்பனுக்குப் போக வேண்டும்?

இந்த வாதம் செய்யும் குணம்தான் அந்த நூலின் உயிர். பக்கம் பக்கமாக உரைநடை ஓடும். வண்ணப் படங்களும் பெட்டிச் செய்திகளும் இன்றைய நூல்கள் அளவுக்கு இராது. ஆங்கில உரைநடையை நிதானமாகப் படிக்கக் கூடியவருக்கு இதைவிடத் தெளிவான ஆசிரியர் கிடைப்பது அரிது. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வந்த மாணவருக்கோ முதல் செமஸ்டரிலேயே அந்த நீண்ட பத்திகள் மலைப்பைத் தரும். வேதியியல் புரியவில்லை என்று அவர் நினைப்பார். உண்மையில் அவரைத் தடுப்பது பத்தியின் நீளம். இன்னொரு வரம்பும் உண்டு. அந்த இரு ஆசிரியர்களின் 6-ஆம் பதிப்பு 1992-இல் வந்தது. பல்லேடியம் வினையூக்கியால் கார்பன்களை இணைக்கும் முறைகளுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்ததே, அத்தகைய பகுதிகளைப் புதிய நூல் ஒன்றில் படித்துக்கொள்வதே நல்லது.

ஜான் மக்மரியின் நூல் 1984-இல் வந்தது. அவர் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். இவருடைய பலம் படிகளைப் பிரித்துக் காட்டுவது. வினைவழிமுறையை மேலிருந்து கீழாக வரைந்து, ஒவ்வொரு படிக்கும் பக்கத்திலேயே என்ன நடக்கிறது என்று இரண்டொரு வரியில் எழுதியிருப்பார். அம்புக்குறியையும் அதன் பொருளையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். நாம் எடுத்த அதே 3-மெத்தில்-1-பியூட்டீன்தான் அவர் நூலின் 7-ஆம் அத்தியாயக் கடைசியில் உதாரணமாக வருகிறது. 1930-களில் இந்த இடமாற்றங்களை விளக்கிய ஃபிராங்க் விட்மோரின் பெயரையும் சொல்லிவிட்டு, சிறிய பகுதியாக முடித்துக்கொள்கிறார். மாரிசன்–பாய்டின் வாதச் சுவை இதில் குறைவு. ஆனால் வழி தவறிப் போக இடமே இல்லை. ஆங்கில வாக்கியங்கள் குட்டை. முதல் முறை படிப்பவருக்கு அது பெரிய உதவி.

க்ளேடன் வேறு வகை. ஜோனதன் க்ளேடன், நிக் கிரீவ்ஸ், ஸ்டூவர்ட் வாரன், பீட்டர் வோத்தர்ஸ் எழுதிய முதல் பதிப்பை ஆக்ஸ்ஃபர்டு 2001-இல் வெளியிட்டது. வோத்தர்ஸ் இல்லாமல் மற்ற மூவரின் பெயரோடு 2012-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. ஆல்கேன், ஆல்கீன், ஆல்கைன் என்று நம் பாடத்திட்டம் போகும் வரிசை இதில் கிடையாது. அமைப்பைக் கண்டறியும் நிறமாலை முறைகளும் ஆர்பிட்டால்களும் தொடக்கத்திலேயே வந்துவிடும். முதல் வினையாகக் கார்பனைல் தொகுதியில் கருக்கவர் பொருள் சேர்வதை எடுக்கிறார்கள். ஆல்கீன் சேர்க்கை இரண்டாம் பதிப்பில் 19-ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது, அதுவும் புரோமினோடு தொடங்குகிறது. இடமாற்ற வினைகளின் முழு விளக்கத்துக்கு 36-ஆம் அத்தியாயம் வரை போக வேண்டும்.

இது குறையல்ல, திட்டமிட்ட வரிசை. எலக்ட்ரான் எங்கே நிறைந்திருக்கிறது, எந்தக் காலி ஆர்பிட்டாலுக்குள் அது பாய முடியும் என்ற ஒரே பார்வையை ஊன்றிவிட்டால், பிறகு எந்த வினைச்செயல் தொகுதி வந்தாலும் அதே கண்ணால் பார்க்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. நானும் அதை ஏற்கிறேன். ஆனால் க்ளேடனை நடுவில் திறந்து படிக்க முடியாது. முதல் செமஸ்டரில் ஆல்கீன் பாடத்துக்காக 19-ஆம் அத்தியாயத்தைத் திறக்கும் மாணவர், முந்தைய அத்தியாயங்களில் சொல்லி முடித்தவற்றை ஆசிரியர்கள் தெரிந்ததாகவே வைத்துக்கொண்டு பேசுவதைக் கண்டு திகைப்பார். தொடக்கத்திலிருந்து வரிசையாக ஓராண்டு படிக்க நேரமும் மனமும் உள்ளவருக்கே அது முழுப் பலன் தரும். எம்.எஸ்சி. நுழைவுக்குத் தயாராகும் மூன்றாம் ஆண்டு மாணவர் அதற்குத் தகுந்தவர். அவருக்கு வினைகள் ஏற்கெனவே தெரியும். தெரிந்தவை ஒன்றோடொன்று சேரும் இடத்தை க்ளேடன் காட்டும்.

சாலமன்ஸ், புரூயிஸ், வேடு ஆகியோரின் நூல்கள் பெரும்பாலும் மக்மரி பக்கம் சாய்பவை. அவற்றில் ஏதாவது உங்கள் கல்லூரி நூலகத்தில் விடைநூலோடு இருந்தால் தாராளமாக எடுக்கலாம். டேவிட் க்ளைனின் நூல் மட்டும் தனியாகச் சொல்லத் தக்கது. ஒவ்வொரு திறனுக்கும் முதலில் செய்து காட்டிய ஒரு கேள்வி, பிறகு அதே மாதிரிப் பயிற்சிகள், பிறகு அந்தத் திறனைச் சற்று மாற்றிப் பயன்படுத்த வேண்டிய கேள்வி என்று அமைத்திருக்கிறார். வகுப்பில் அம்புக்குறி போடவே கை வராமல் தவிப்பவருக்கு அது நல்ல கைப்பிடி.

இனி பயிற்சிகளைப் பார்ப்போம். ஒரு நூலின் அத்தியாய முடிவைத் திறந்து, அங்குள்ள கேள்விகள் எதைக் கேட்கின்றன என்று பாருங்கள். "கீழ்க்கண்ட வினையின் விளைபொருள் என்ன?" என்ற கேள்வி எல்லா நூலிலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். கைப்பழக்கம் அதில்தான் வரும். ஆனால் அதுமட்டும்தான் இருக்கிறது என்றால் அந்த நூல் விதியை மனப்பாடம் செய்யவே பழக்குகிறது. தேட வேண்டியது வேறொரு வகைக் கேள்வி. எதிர்பாராத விளைபொருளை அவர்களே கொடுத்துவிட்டு, "இது எப்படி வந்தது?" என்று கேட்கும் கேள்வி.

மக்மரியில் உள்ள ஒன்றையே எடுக்கலாம். வினைல்சைக்ளோஹெக்சேன், அதாவது ஆறு கார்பன் வளையத்தில் –CH=CH₂ தொங்கும் சேர்மம், HBr-ஓடு வினைபுரிந்து 1-புரோமோ-1-எத்தில்சைக்ளோஹெக்சேனைத் தருகிறது; வளை அம்புக்குறிகளால் வழிமுறையைக் காட்டுக என்பது கேள்வி. விளைபொருளைச் சொல்லாமல் விட்டிருந்தால் பாதிப் பேர் வளையத்துக்கு வெளியே உள்ள கார்பனில் புரோமினை வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். விளைபொருளைச் சொன்னதால், புரோமின் வளையத்துக்குள் எப்படி வந்தது என்று யோசித்தே ஆக வேண்டும்.

வழி இப்படிப் போகும். இரட்டைப் பிணைப்பு HBr-இன் ஹைட்ரஜனைத் தன் முனைக் கார்பனில் பிடிக்கிறது, H–Br பிணைப்பின் எலக்ட்ரான்கள் புரோமினுக்குப் போகின்றன. இதற்கு இரண்டு அம்புகள். இப்போது வளையத்துக்கு வெளியே, வளையத்தை ஒட்டிய கார்பனில் ஈரிணைய நேரயனி. வளையத்தில் அதற்குப் பக்கத்துக் கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. அது தன் எலக்ட்ரான் இணையோடு வெளியே தாவுகிறது. இதற்கு ஓர் அம்பு. நேர்மின் சுமை வளையக் கார்பனுக்கு வந்து மூவிணையமாகிவிட்டது. புரோமைடு தன் எலக்ட்ரான் இணையால் அதைப் பிடிக்கிறது. இன்னோர் அம்பு. மொத்தம் மூன்று படி, நான்கு அம்பு.

மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தாளைக் கொண்டுவந்து, "சார், விளைபொருள் புக்ல இருக்குற மாதிரியே வந்துருச்சு, சரிதானே?" என்று கேட்பார்கள். தாளைப் பார்த்தால் முதல் அம்பு H⁺-இல் தொடங்கி இரட்டைப் பிணைப்பை நோக்கிப் போயிருக்கும். "தம்பி, அம்பு எலக்ட்ரான் எங்க இருக்கோ அங்க இருந்துதான் கிளம்பணும். H⁺-கிட்ட எலக்ட்ரானே இல்லையே, அது எதை அனுப்பும்?" என்றால் ஒரு நொடி அமைதி. பிறகு இரண்டாவது தவறும் வெளியே வரும். ஹைட்ரைடு தாவும் அம்பு ஹைட்ரஜன் எழுத்திலிருந்து கிளம்பியிருக்கும். அது கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புக் கோட்டின் நடுவிலிருந்து கிளம்ப வேண்டும், ஏனென்றால் நகர்வது அந்தப் பிணைப்பின் எலக்ட்ரான் இணை. விளைபொருள் சரி, வழி முழுக்கத் தவறு. அடுத்த கேள்வியில் இதே தவறு விளைபொருளையும் கெடுக்கும்.

விடைநூலின் தரம் இங்கேதான் வெளிப்படும். தனியாகப் படிப்பவருக்கு, அருகில் உட்கார்ந்து தாளைத் திருத்த ஆள் இல்லாதவருக்கு, விடைநூல்தான் ஆசிரியர். ஆகவே வாங்கும் முன் அதில் வழிமுறை கேட்கும் கேள்வி ஒன்றின் விடையைத் திறந்து பாருங்கள். விளைபொருளின் படம் மட்டும் இருந்தால் அந்த நூல் உங்கள் விடையைச் சரிபார்க்கத்தான் உதவும், திருத்தித் தராது. எல்லா அம்புக்குறிகளும் போட்டு, ஒவ்வொரு படியிலும் உருவாகும் நேரயனியையும் வரைந்திருந்தால் அம்புக்கு அம்பு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்னும் ஒருபடி மேலே போய், வேறு விளைபொருள் ஏன் வரவில்லை அல்லது ஏன் குறைவாக வருகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த விடைநூலை விடாதீர்கள்.

க்ளேடனின் விடைநூல் இந்த வகையில் தனித்து நிற்கிறது. க்ளேடனும் வாரனும் எழுதியது. ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் முதலில் இந்தக் கேள்வியை எதற்காகக் கேட்டோம் என்று சொல்வார்கள், பிறகுதான் விடைக்கு வருவார்கள். அந்த விடையையும் பரிந்துரைக்கும் விடை என்றே தலைப்பிடுகிறார்கள். ஒரு சேர்மத்தைத் தொகுக்கும் வழி கேட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான வழிகள் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தலைப்பு நேர்மையானது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டாம் பதிப்பில் பயிற்சிக் கேள்விகள் பாடநூலுக்குள் அச்சாகவில்லை, இணையத்துக்கு மாற்றிவிட்டார்கள். பாடநூலை மட்டும் வாங்கியவர் "இதில் பயிற்சியே இல்லையே" என்று நினைத்துவிடுவார். விடைநூலில் கேள்வியும் விடையும் சேர்ந்தே இருக்கின்றன. க்ளேடன் இரண்டாம் பதிப்பு வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே நூலாக நினைத்துத்தான் வாங்க வேண்டும்.

மாரிசன்–பாய்டுக்கு அதே ஆசிரியர்கள் எழுதிய துணைநூல் ஒன்று உண்டு. கல்லூரி நூலகங்களில் பாடநூல் நாலைந்து பிரதி இருக்கும், துணைநூலைத் தேட வேண்டியிருக்கும். மாரிசன்–பாய்டில் கேள்விகள் அத்தியாய முடிவில் மட்டுமன்றிப் பாடத்தின் நடுவிலேயும் வந்துகொண்டிருக்கும். அவற்றைத் தாண்டிப் போய்விட்டால் வாதத்தில் ஒரு கண்ணி அறுந்துபோகும். எனவே துணைநூல் கையில் இல்லாமல் மாரிசன்–பாய்டு படிப்பவர் பாதி நூலைத்தான் படிக்கிறார்.

மக்மரி விஷயத்தில் நம் மாணவர்கள் பலருக்கு இன்னும் எட்டாத செய்தி ஒன்று இருக்கிறது. அவருடைய 10-ஆம் பதிப்பு 2023-இல் முழுக்க இலவசமாக வெளிவந்தது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் அமைப்பு வெளியிட்டது. பல பதிப்புகள் விலைக்கு விற்ற நூல் அது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயோடு வாழ்ந்து 2019-இல் இறந்த தம் மகனின் நினைவாகவே மக்மரி இதைச் செய்தார். சூசன் மக்மரி எழுதிய மாணவர் விடைநூலும் இதோடு இலவசம். openstax.org தளத்தில் படிக்கலாம், பி.டி.எஃப். ஆக இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். பாடநூலும் விடைநூலும் ஒரே பதிப்புக்கு, ஒரே எண்ணில், செலவில்லாமல் கிடைப்பது கிராமத்துக் கல்லூரி மாணவருக்கு எத்தனை பெரிய விஷயம் என்று நினைத்துப் பார்க்கிறேன். திருட்டுத்தனமாகச் சுற்றும் தெளிவில்லாத ஸ்கேன் பிரதிகளைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை.

ஒரே பதிப்புக்கு, ஒரே எண்ணில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பாடநூலின் ஒரு பதிப்பும் விடைநூலின் இன்னொரு பதிப்பும் கையில் இருந்தால் கேள்வி எண்கள் பொருந்தாமல் போகும். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் சில கேள்விகளை நீக்குவார்கள், சிலவற்றைச் சேர்ப்பார்கள், வரிசையை மாற்றுவார்கள். இந்திய மாணவர்களுக்காகத் தழுவி எழுதிய பதிப்புகளில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம் இருக்கலாம். அட்டையில் அதே ஆசிரியர் பெயர், அதே தலைப்பு, ஆனால் உள்ளே அத்தியாயங்களே வேறு மாதிரி இருக்கும். பழைய புத்தகக் கடையில் விடைநூல் மலிவாகக் கிடைக்கிறதென்றால், வாங்கும் முன் தொடக்கத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கடைசி அத்தியாயங்களிலிருந்து ஒன்று என மூன்று கேள்விகளின் எண்ணைப் பாடநூலோடு ஒப்பிடுங்கள். மூன்றும் பொருந்தினால் வாங்கலாம். முதல் அத்தியாயம் மட்டும் பொருந்துவதை நம்பக்கூடாது, பதிப்புக்குப் பதிப்பு அதிகம் மாறாத அத்தியாயம் அதுதான்.

பொருந்தாத விடைநூல் செய்யும் கெடுதி நேர விரயத்தோடு நிற்காது. கேள்வி ஒன்றுபோலத் தெரியும், ஒரே ஒரு மெத்தில் தொகுதி இடம் மாறியிருக்கும், விடை வேறாக இருக்கும். தான் சரியாகப் போட்டதையே தவறு என்று அடித்துவிட்டு, தவறான காரணம் ஒன்றைத் தானே கற்பித்துக்கொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

செமஸ்டர் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பல்கலைக்கழகத் தேர்வுகளில் "மார்கோனிகாஃப் விதியை எடுத்துக்காட்டுடன் விளக்குக" என்பது போன்ற கேள்விகள் வழக்கமானவை. அதற்கு பாஹல் போன்ற இந்திய நூல்கள், தலைப்பு தலைப்பாகப் பிரித்து எழுதியிருப்பதால், நேரடியாக உதவும். அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஐ.ஐ.டி. ஜாம் தேர்வில் ஒரே சரியான விடையைத் தேர்வது, சரியான விடைகள் அனைத்தையும் தேர்வது, எண்ணை விடையாகத் தருவது என்று மூன்று வகைக் கேள்விகள் உண்டு. அங்கே வினைல்சைக்ளோஹெக்சேன் மாதிரியான கேள்வியில் நான்கு விடைகளில் ஒன்றாக மார்கோனிகாஃப் விதிப்படி வரும் பொருளும் உட்கார்ந்திருக்கும். இடமாற்றத்தைக் கையால் வரைந்து பழகாதவர் கை அதற்குத்தான் போகும்.

என் பரிந்துரை இது. முதல் இரண்டு ஆண்டும் மக்மரியை அதன் விடைநூலோடு முதன்மை நூலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வினை ஏன் இப்படித்தான் நடக்கிறது என்ற கேள்வி மனதைக் குடையும்போது மட்டும் நூலகத்தில் மாரிசன்–பாய்டின் அந்தப் பகுதியைப் படியுங்கள். அதைத் துணைநூலோடு முழுதாக வாசிக்கும் வசதியும் ஆங்கிலப் பழக்கமும் உள்ளவர் அதையே முதன்மையாக்கலாம், அவரை நான் தடுக்க மாட்டேன். மூன்றாம் ஆண்டில் க்ளேடனை முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.

விடைநூலை இப்படிப் பயன்படுத்துங்கள். கேள்வியை முழுதாகத் தாளில் போட்டு முடிக்கும் வரை அதைத் திறக்க வேண்டாம். திறந்ததும் விளைபொருளை முதலில் பார்க்காமல் ஒரு காகிதத்தால் மூடிவிட்டு, முதல் அம்பு எங்கே தொடங்கியிருக்கிறது என்று மட்டும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் விடைநூலை மூடிவிட்டு, அந்த ஒரு திருத்தத்தோடு மீதியை நீங்களே மறுபடி போடுங்கள். பொருந்தினால் காகிதத்தை அடுத்த அம்பு வரை நகர்த்துங்கள். வினைல்சைக்ளோஹெக்சேன் கேள்வியில் இப்படி நான்கு முறை நகர்த்த வேண்டியிருக்கும்.